சென்ட் 8 லட்சம், கிரவுண்டு 45 லட்சம்: எது மலிவு?

தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரை மனை தேடிப் போகிறவர்களுக்கு ஒரே நாளில் மூன்று விதமாக விலை சொல்வார்கள். ஊருக்குள் இருக்கும் பழைய மனைக்காரர், “அஞ்சரை சென்ட் சார், சென்ட் எட்டு லட்சம்” என்பார். சென்னையிலிருந்து வந்து அங்கே முன்பே இடம் வாங்கிப் போட்டவர், “ஒரு கிரவுண்டு, 45 லட்சம்” என்பார். புதிதாக மனைப்பிரிவு போட்ட நிறுவனத்தின் ஆள், “ஸ்கொயர் ஃபீட் ஆயிரத்துத் தொள்ளாயிரம்” என்று அட்டையை நீட்டுவார். வாங்க வந்தவர் வீட்டுக்குத் திரும்பி யோசிக்கும்போது இந்த மூன்றில் எது மலிவு என்று சட்டென்று சொல்ல முடியாது. அலகை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. இந்த மூன்று மனைகளையும் மாதிரியாக வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் அலகுகள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், ஆகவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. கிரவுண்டைச் சென்ட்டாக்கினால் 5.51 வரும். ஏறக்குறைய ஐந்தரை சென்ட் என்று எல்லோரும் சொல்வது சரிதான், 4 சதுர அடிதான் வித்தியாசம்.

435.6 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பழைய நில ஆவணங்களைப் படிக்க உதவும். பிரிட்டிஷ் காலத்து அளவையாளர்கள் நிலத்தை 66 அடி நீளமுள்ள சங்கிலியால் அளந்தார்கள். ஒரு சங்கிலிக்கு 100 கண்ணிகள். ஆக, லிங்க்ஸ் என்று சொல்லப்படும் ஒரு கண்ணி 0.66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது ஒரு லட்சம் சதுரக் கண்ணி. ஏக்கரை நூறாக வகுத்தால் ஆயிரம் சதுரக் கண்ணி, அதுதான் சென்ட். பழைய புலப்படங்களில் கோடுகளின் மேல் வெறும் எண்கள் மட்டும் இருக்கும், அவை லிங்க்ஸ். 91 என்று எழுதியிருந்தால் அது 91 அடி அல்ல, 60 அடி. பழைய படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்தவர்கள், “அரை மனையைக் காணோமே” என்று பதறுவதற்கு இதுவே காரணம்.

கிரவுண்டு சென்னையின் அளவு. நம்முடைய பழைய ‘மனை’தான் அது. 24 மனை சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. கோவை, மதுரை, நெல்லைப் பக்கம் கிரவுண்டு என்றால் சட்டென்று விளங்காது, அங்கே எல்லாம் சென்ட்தான். காவிரிப் படுகையில் இன்றும் குழி, மா என்றுதான் பேச்சு. தஞ்சைப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். புதுச்சேரியில் அதே ‘குழி’ 576 சதுர அடி, தஞ்சைக் குழியைப் போல நான்கு மடங்கு. ஒரே பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால், எங்கே விலை பேசினாலும், “உங்க ஊர்ல ஒரு குழிக்கு எத்தனை சதுர அடி?” என்று கேட்டு எழுதிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி நம் மூன்று மனைகள். முதல் மனை சென்ட் 8 லட்சம். 8,00,000-ஐ 435.6-ஆல் வகுத்தால் சதுர அடி 1,837 ரூபாய். ஐந்தரை சென்ட்டுக்கு மொத்தம் 44 லட்சம். இரண்டாவது மனை கிரவுண்டு 45 லட்சம். 2,400-ஆல் வகுத்தால் சதுர அடி 1,875 ரூபாய். மூன்றாவது மனை 30 அடிக்கு 60 அடி, 1,800 சதுர அடி. சதுர அடி 1,900 என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், மொத்தம் 34 லட்சத்து 20 ஆயிரம். வரிசைப்படுத்தினால் சென்ட்காரர் மலிவு, கிரவுண்டுக்காரர் நடுவில், மனைப்பிரிவுக்காரர் விலை அதிகம். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு முன்பணம் கொடுக்கப் போகிறார்கள்.

பேரம் பேசும்போதும் அலகு விளையாடும். “உங்களுக்காக சென்ட்டுக்குப் பத்தாயிரம் குறைச்சுக்கறேன்” என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். சதுர அடிக்கு அது 23 ரூபாய். அதே ஆள், “சதுர அடிக்கு நூறு ரூபாதான் கூட” என்றால் சிறிதாகத் தெரியும். ஆனால் அந்த நூறு ரூபாய் ஒரு சென்ட்டுக்கு 43,560, ஒரு கிரவுண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். கூட்டலும் கழித்தலும் எந்த அலகில் சொல்லப்பட்டாலும், உடனே மொத்தத் தொகைக்கு மாற்றிப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது.

இதுவரை போட்ட வகுத்தலில் மேலே இருந்தது பணம், கீழே இருந்தது விற்பவர் வாயால் சொன்ன பரப்பு. பணம் மாறாது, நாம் கொடுக்கப் போகிற தொகை அது. பரப்பு மாறும். அதனால் சதுர அடி விலை என்பது பரப்பை உறுதி செய்த பிறகே பேசத் தகுந்த ஒன்று.

முதல் மனைக்குப் போவோம். பத்திரத்தின் சொத்து விவரத்தில் “ஏக்கர் 0.05½ சென்ட்” என்று இருக்கிறது. தாத்தா காலத்துப் பத்திரம், அடுத்தடுத்த பத்திரங்களில் அதே வரி நகலாகி வந்திருக்கிறது. இப்போது அதன் பட்டாவை எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா விவரத்தை eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து யாரும் பார்க்கலாம். அதில் பரப்பு என்ற இடத்தில் ஹெக்-ஏர் என்று தலைப்பிட்டு, இந்த மனைக்கு “0 - 02.05” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இந்த எண்ணைப் படிப்பதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது தமிழ்நாட்டு ஊர்ப்புற நிலங்களின் கணக்கு ஹெக்டேருக்கு மாற்றப்பட்டது. பட்டாவில் முதல் எண் ஹெக்டேர், கோடு தாண்டி இருப்பது ஏர். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஏக்கர், சென்ட் பழகிய கண்ணுக்கு “0 - 02.05” என்பது இரண்டு சென்ட் போலத் தெரியும். அப்படிப் படித்துவிட்டு, “ஐந்தரை சென்ட் என்றார்களே, ரெண்டு சென்ட்தானே இருக்கு” என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. சில நேரம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். “பட்டாவிலே 12 இருக்கு, 12 சென்ட்” என்று சொல்லி, விவரம் தெரியாத வாரிசிடமிருந்து 12 ஏர் நிலத்தை 12 சென்ட் விலைக்கு எழுதி வாங்கலாம். 12 ஏர் என்பது கிட்டத்தட்ட 29½ சென்ட். பாகப்பிரிவினை நேரத்தில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு ஏர் 2.47 சென்ட். மனக்கணக்குக்கு இரண்டரை என்று வைக்கலாம். சரியான கணக்குக்கு, ஏரைச் சதுர மீட்டராக்கி 10.764-ஆல் பெருக்க வேண்டும். 2.05 ஏர் என்பது 205 சதுர மீட்டர். பெருக்கினால் 2,207 சதுர அடி. சென்ட்டில் 5.07.

பத்திரத்தில் ஐந்தரை, அதாவது 2,396 சதுர அடி. பட்டாவில் ஐந்து சென்ட்டுக்குச் சற்றே கூட. நடுவில் 189 சதுர அடியைக் காணவில்லை. இதற்கு யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் இருந்த மண் பாதையை ஊராட்சி தார்ச்சாலையாக்கியபோது முகப்பில் 4 அடி போயிருக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருக்கலாம். முதன்முதலில் எழுதியபோதே காலடியால் அளந்து தோராயமாக எழுதியிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் 44 லட்சம் கொடுத்தால் கைக்கு வருவது 2,207 சதுர அடி. இப்போது வகுத்துப் பாருங்கள்: சதுர அடி 1,994 ரூபாய். மூன்றில் மலிவாகத் தெரிந்த மனை 1,900 ரூபாய் மனையைத் தாண்டிப் போய்விட்டது. இல்லாத நிலத்துக்குக் கொடுக்கும் தொகை 3 லட்சத்து 47 ஆயிரம். அதற்கு மேல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 31 ஆயிரம் ரூபாய் அந்த இல்லாத நிலத்துக்காகவும் கட்ட வேண்டும்.

பட்டாவைக் காட்டினால் விற்பவர், “பட்டாவிலே தப்பா ஏறியிருக்கு, பத்திரம்தான் சரி” என்று சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம், கணினியில் ஏற்றும்போது பிழைகள் நடந்திருக்கின்றன. இதைத் தீர்க்க ஒரே வழி நிலத்தை அளப்பது. புலப்படத்தை வைத்து எல்லை காட்டக் கோரி நில அளவைத் துறைக்கு மனுச் செய்யலாம். எஃப் லைன் மனு என்று ஊரில் சொல்வது இதைத்தான். இணையத்திலும் இ-சேவை மையத்திலும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். வட்ட அலுவலகத்துச் சர்வேயர் வந்து கல் காட்டுவார். நிலம் இன்னும் விற்பவர் பெயரில் இருப்பதால் மனு அவர் பெயரில் போக வேண்டும். அதற்கு மறுக்கிற விற்பவரிடம் அந்த மனையை வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பத்திரத்தில் பரப்பு ஒன்றாகவும் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, வேறாகவும் இருந்து வழக்கானால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. எழுதிய சென்ட் கணக்கைக் காட்டி, “எனக்கு ஐந்தரை சென்ட் கொடு” என்று பிறகு கேட்பது அவ்வளவு எளிதல்ல.

இரண்டாவது மனை இன்னும் நுணுக்கமானது. பத்திரத்தில் “கிழமேல் இருபுறமும் 60 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி, ஆக 2400 சதுர அடி” என்று தெளிவாக இருக்கிறது. டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்தாலும் 60, 40, 60, 40 சரியாக வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் நான்கு பக்க நீளம் தெரிந்தால் மட்டும் பரப்பு தெரிந்துவிடாது. மூலைகள் செங்கோணமாக இல்லாமல் மனை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பக்கங்கள் அதே நீளத்தில் இருக்க, உள்ளே பரப்பு குறையும். பழைய வரப்பையும் வாய்க்காலையும் ஒட்டிப் பிரித்த மனைகளில் இது சாதாரணம்.

ஆகவே ஐந்தாவதாக ஒரு அளவு எடுக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே டேப்பை இழுக்க வேண்டும். சரியான 60க்கு 40 மனையில் குறுக்களவு 72 அடி 1 அங்குலம் வரும், இரண்டு குறுக்கிலும் அதே அளவு வரும். நம் மனையில் ஒரு குறுக்கு 80 அடி, மற்றது 63 அடி வருகிறது என்று வைப்போம். இரண்டும் சமமில்லை என்றதுமே மனை சாய்வு என்று தெரிந்துவிடும். எவ்வளவு குறைவு என்று பார்க்க, குறுக்குக் கோடு மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் படித்த ஹெரான் சூத்திரம் இங்கே உதவும். முக்கோணத்தின் பக்கங்கள் 60, 40, 80. கூட்டினால் 180, அதில் பாதி 90. அந்த 90-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 30, 50, 10. பிறகு:

90 × 30 × 50 × 10 = 13,50,000

இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1,162. அது ஒரு முக்கோணத்தின் பரப்பு. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருப்பதால் மற்ற முக்கோணமும் இதே அளவு. மொத்தம் 2,324 சதுர அடி. நான்கு பக்கமும் வெவ்வேறு நீளமாக இருந்தால், அதே குறுக்களவை வைத்து இரண்டாவது முக்கோணத்துக்குத் தனியாக இந்தக் கணக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான். வர்க்கமூலத்தைக் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே சொல்லிவிடும்.

விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன 60-ம் உண்மை, 40-ம் உண்மை. இருந்தும் 76 சதுர அடி குறைகிறது. 45 லட்சத்தை 2,324-ஆல் வகுத்தால் சதுர அடி 1,936 ரூபாய். பட்டாவைப் பார்த்திருந்தால் இங்கேயும் குறிப்பு கிடைத்திருக்கும். முழுக் கிரவுண்டுக்கு 2.23 ஏர் இருக்க வேண்டும், இந்த மனைக்கு 2.16 ஏர்தான் இருக்கும்.

நான்கு பக்கமும் சமமில்லாத மனைகளுக்குத் தரகர்கள் கையாளும் ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரியையும் பெருக்கிவிடுவார்கள். வடக்கே 62, தெற்கே 58 என்றால் 60, கிழக்கே 42, மேற்கே 38 என்றால் 40, பெருக்கினால் 2,400 என்று முடித்துவிடுவார்கள். இந்த முறை எந்த மனையிலும் உண்மைப் பரப்பைவிடக் குறைத்துக் காட்டாது. செவ்வகமாக இருந்தால் சரியாக வரும், கோணல் எதுவாக இருந்தாலும் கூட்டித்தான் காட்டும். நஷ்டம் எப்போதும் வாங்குகிறவருக்கே. அதனால் சராசரிக் கணக்கைக் கேட்டதும் குறுக்களவு கேளுங்கள்.

டேப் பிடிக்கும்போது சில விஷயங்கள். சுவரிலிருந்தோ வேலியிலிருந்தோ அளக்கக் கூடாது, அளவுக் கல்லிலிருந்து கல்லுக்கு அளக்க வேண்டும். டேப் தொய்யாமல் இருக்க வேண்டும். மேடு பள்ளத்தில் தரையோடு படுக்கவைத்து அளந்தால் நீளம் கூடிக் காட்டும், மட்டமாகப் பிடித்து அளப்பதே முறை. மூலை செங்கோணமா என்று மட்டும் பார்க்க நினைத்தால், மூலையிலிருந்து ஒரு பக்கம் 30 அடியும் இன்னொரு பக்கம் 40 அடியும் குறித்து, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தால் 50 அடி வர வேண்டும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

மூன்றாவது மனை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் இருக்கிறது. வரைபடத்தில் மனை எண்ணும் அளவும் பரப்பும் போட்டிருக்கிறது. நேரில் கல்லும் அதே அளவில் இருக்கிறது. 1,800 சதுர அடி, சதுர அடி 1,900 ரூபாய் என்று சொன்னது சொன்னபடி நிற்கிறது. இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது. மனைப்பிரிவு மனை 1,900, கிரவுண்டு மனை 1,936, சென்ட் மனை 1,994. காலையில் மலிவாக இருந்தது மாலையில் மூன்றிலும் விலை கூடியதாக ஆகிவிட்டது. மாறியது வகுக்கும் எண் மட்டுமே.

ஆனாலும் அவசரம் வேண்டாம். அந்த மூன்றாவது மனை சாலையைவிட 2 அடி பள்ளத்தில் இருந்தால்? 1,800 சதுர அடியை 2 அடி உயர்த்த 3,600 கன அடி மண் வேண்டும். மண் யூனிட் கணக்கில் வருகிறது, ஒரு யூனிட் 100 கன அடி, ஆக 36 யூனிட். கொட்டிய மண் மழையில் இறங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 45 யூனிட் வைப்போம். யூனிட் 2,400 ரூபாய் என்றால் 1 லட்சத்து 8 ஆயிரம். சதுர அடிக்கு 60 ரூபாய் ஏறி 1,960 ஆகிறது. இப்போது கிரவுண்டு மனைதான் மலிவு. மண் விலை ஊருக்கு ஊர் மாறும், அங்கேயே டிராக்டர்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மனையின் மட்டத்தைப் பார்க்க நல்ல மழை பெய்த மறுநாள் போவதுதான் சரியான நேரம்.

சதுர அடி விலை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கு வடிவமும் ஒரு சாட்சி. 20 அடி முகப்பும் 120 அடி நீளமும் உள்ள மனையும் ஒரு கிரவுண்டுதான், 40க்கு 60-ம் ஒரு கிரவுண்டுதான். இருபுறமும் விதிப்படி இடம் விட்டபின் 20 அடி முகப்பில் வீட்டுக்கு மிஞ்சும் அகலம் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே சதுர அடி விலை கொடுக்க மனம் வராது.

ஏக்கர் கணக்கில் நிலம் வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. “ஏக்கர் 2 கோடி, சதுர அடி 459 ரூபாதான் ஆகுது, பக்கத்து லேஅவுட்ல ஆயிரத்துக்கு விக்கிறாங்க” என்று ஆசை காட்டுவார்கள். 459 என்ற வகுத்தல் சரி, ஒப்பீடு தவறு. ஏக்கர் நிலத்தை மனையாக்கும்போது சாலைக்கு இடம் போகும். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மிஞ்சிய இடத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா போன்ற பொது இடத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவில் நூற்றுக்கு 60 பங்கு விற்கும் மனையாக மிஞ்சினால், 2 கோடியை 26,136 சதுர அடியால் வகுக்க வேண்டும். நிலத்தின் அடக்கவிலை மட்டுமே சதுர அடிக்கு 765 ரூபாய். அனுமதிக் கட்டணம், சாலை, வடிகால், மின்கம்பம், காத்திருக்கும் காலத்து வட்டி எல்லாம் அதற்கு மேல். ஏக்கர் விலையை ஏக்கர் விலையோடும், மனை விலையை மனை விலையோடும் வைத்துப் பார்ப்பதே முறை.

அரசு வழிகாட்டி மதிப்பைப் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. tnreginet.gov.in தளத்தில் மனைக்குச் சதுர அடிக்கும் சதுர மீட்டருக்கும் மதிப்பு இருக்கும். விவசாய நிலத்துக்கு ஏக்கர், ஹெக்டேர் கணக்கு. சதுர மீட்டர் மதிப்பைச் சதுர அடி மதிப்பு என்று படித்தால் பத்து மடங்குக்கு மேல் பிழையாகும். இந்த மதிப்பு பத்திரச் செலவைக் கணக்கிட உதவும். பேசிய விலையும் வழிகாட்டி மதிப்பும் வேறாக இருந்தால் எது கூடுதலோ அதற்குத்தான் தீர்வை. சந்தை விலை என்ன என்பதை அது சொல்லாது. அதற்கு, அதே தெருவில் சமீபத்தில் கைமாறிய இரண்டு மூன்று மனைகளின் விலையைக் கேட்டு, மேலே சொன்னபடி பட்டாப் பரப்பால் வகுத்துப் பார்ப்பதே நம்பத் தகுந்தது.

இனி ஒப்பந்தம். மனை பிடித்துப்போய்க் கிரய ஒப்பந்தம் எழுதும்போது, “ஐந்தரை சென்ட் மனைக்கு மொத்தம் 44 லட்சம்” என்று எழுத வேண்டாம். “சர்வேயர் அளந்து காட்டும் பரப்பில் சதுர அடி ஒன்றுக்கு இத்தனை ரூபாய்” என்று எழுதச் சொல்லுங்கள். அளவு குறைந்தால் தொகையும் குறையும், கூடினால் விற்பவருக்கும் நியாயமாகக் கூடும், யாரும் யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. கிரயப் பத்திரத்தில் பரப்பைச் சதுர அடி, சென்ட், சதுர மீட்டர் மூன்றிலும் எழுதி, மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று கையெழுத்துப் போடும் முன் நீங்களே பெருக்கிப் பாருங்கள். நான்கு பக்க அளவுகளோடு குறுக்களவையும் சொத்து விவரத்தில் சேர்க்கச் சொல்லி ஆவண எழுத்தரிடம் கேளுங்கள். ஒரு வரிதான் கூடும், அவர் எழுதித் தருவார்.